மாவு மில்லுக்கு டிரைவ்: கரண்ட் பில்லைப் பார்த்து வாங்காதீர்கள்

மச்சான் ஊரில் மில் போடப்போகிறார். 10 ஹெச்பி மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரா, ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவா என்று கேட்டார். எங்கள் மில்லில் சில வருடமாக டிரைவில்தான் மோட்டார் ஓடுகிறது. இப்போதுதான் அது ரிப்பேருக்குப் போய் வந்தது. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் பில். கடையில் "வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் பாதியாகும்" என்பார்கள். அது காற்றாடிக்கும், தண்ணீரைச் சுற்றிவிடும் பம்புக்கும் உண்மை. அங்கே வேகம் குறையக் குறைய சுமையும் குறைந்துகொண்டே போகும். மாவு மில் அப்படி இல்லை. கல்லுக்கு நடுவே கோதுமை இருக்கும்வரை, 50 ஹெர்ட்ஸில் என்ன முறுக்கு விசை வேண்டுமோ கிட்டத்தட்ட அதே விசை 40 ஹெர்ட்ஸிலும் வேண்டும். 50இல் மோட்டார் 6 கிலோவாட் இழுத்து ஒரு மணி நேரத்தில் 100 கிலோ அரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40க்கு இறக்கினால் 4.8 கிலோவாட்தான் இழுக்கும், ஆனால் அதே 100 கிலோவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பெருக்கிப் பாருங்கள்: இரண்டுமே 6 யூனிட். டிரைவ் தானே சூடாக வீணாக்குவது இதற்கு மேல்.

இன்னொன்று, கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டுவது. மில் சும்மா ஓடும்போது நேரடி இணைப்பில் 6 ஆம்பியர் காட்டும். டிரைவ் வழியாகக் கொடுத்து, உள்ளே வரும் வயரில் வைத்தால் இரண்டு, இரண்டரை. பார்க்கிறவருக்குப் பாதிக்கு மேல் மிச்சமென்று தோன்றும். ஆனால் சும்மா ஓடும் மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் பெரும்பகுதி காந்தப் புலத்துக்காகப் போய் வருவது, வேலை செய்வதில்லை. டிரைவ் அதை லைனிலிருந்து வாங்காமல் தனக்குள்ளேயே சமாளித்துக்கொள்கிறது. யூனிட் மீட்டர் அந்த ஆம்பியரை எண்ணுவதே இல்லை. பவர் பேக்டர் அபராதம் கட்டுகிறவர்களுக்கு அதில் லாபம் உண்டு. மற்றவர்கள் ஆம்பியரை விட்டுவிட்டு ஈபி மீட்டரையே பார்க்க வேண்டும்.

எங்களுக்கு மிச்சமானது வேறு வழியில். ஸ்டார் டெல்டாவில் அடிக்கடி நிறுத்திப் போட்டால் பெல்ட்டும் காண்டாக்டரும் அடிவாங்கும் என்று, ஒருவர் மாவு வாங்கிப்போய் அடுத்தவர் வரும்வரை மில்லை ஓடவிட்டுவிடுவோம். டிரைவ் வந்த பிறகு ஆள் இல்லையென்றால் உடனே நிறுத்திவிடுகிறோம். சும்மா ஓடிய அந்த நேரம்தான் பில்லில் குறைந்தது. ஸ்டார்ட் ஆவதும் அவ்வளவு அழகு. பெல்ட் கத்தாது, பக்கத்து வீட்டு விளக்கு மங்காது, சக்கரம் மெதுவாகப் பிடித்து ஏறும். அந்த ஒரு விஷயத்துக்கு அதைக் கும்பிடலாம்.

ஆனால் தூசி! டிரைவைக் குளிர வைக்கும் குட்டி ஃபேன் காற்றோடு மாவையும் இழுத்துக்கொள்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம், முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் வாசல்வரை வரிசை நிற்கும்போது, திரையில் `OH` என்று வந்து நின்றுவிட்டது. உள்சூடு அதிகமானால் எங்கள் டிரைவ் காட்டும் எழுத்து அது. கழற்றினால் ஃபேன் இறக்கையில் மாவு அடை மாதிரி ஒட்டியிருந்தது. ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே மிளகாய்த் தூளும் அரிசி மாவும் இறுகிக் கிடந்தன. பிரஷ் போட்டு எடுத்து ஓட்டினோம். பிறகு ஃபேனே நின்று, போர்டும் போய்விட்டது.

பெட்டிக்குள் வைத்து மூடினாலும் தீராது. இந்த அளவு டிரைவ் முழுச் சுமையில் 200 வாட் போலச் சூடு விடும். அது வெளியேற வழி வேண்டும். சரியான இடம் சுவருக்கு அந்தப் பக்கம், தூசி வராத அறை. மோட்டாருக்கு வயர் மட்டும் வரட்டும். பழைய ஸ்டார்ட்டரோடு இருந்த கெப்பாசிட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவிடாதீர்கள். டிரைவே போய்விடும்.

மச்சான் கிணற்று பம்புக்கும் கேட்டார். 40 ஹெர்ட்ஸில் பம்பு தள்ளும் உயரம் 64 சதவீதமாகக் குறைந்துவிடும். 32 மீட்டர் தள்ளியது 20 மீட்டரோடு நின்றால் மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, மோட்டார் வெறுமனே சுற்றும். சொட்டுநீரில் வால்வை அடைத்துப் பாதி வயலுக்கு மட்டும் பாய்ச்சுகிறவருக்கு நல்ல மிச்சம் உண்டு. ஆனால் நம்மூரில் விவசாய கரண்ட் இலவசம். பில்லில் என்ன மிச்சம் பார்ப்பது?

டிரைவ் ஸ்டார்ட் ஆவதைப் பற்றி இவ்வளவு புகழ்ந்தும், மச்சானுக்கு ஸ்டார் டெல்டாவே போடச் சொல்லிவிட்டேன். அவர் மில்லில் தனி அறை இல்லை, மிளகாயும் அரைக்கப்போகிறார். சுவர் எழுப்பி அறை தடுத்த பிறகு கேட்டால் மறுபடி யோசிக்கலாம்.