கறுப்பு வேட்டியில் மடிப்பு தெரியணும், முகத்தில் சாம்பல் தெரியக்கூடாது: நாலு சபரிமலை சீசனில் tone equalizer

திருகோணமலையில் கார்த்திகை பிறந்தால் மழையும் ஐயப்ப சாமிமாரும் ஒன்றாகத்தான் வருவார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஒழுங்கையில் இருமுடி கட்டும் பூசைக்குப் படம் எடுப்பது என் வேலை. வெளியே மழை, உள்ளே தகரக் கொட்டில், ஒரு எல்இடி பல்ப், நாலைந்து குத்துவிளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். அதற்குள் கறுப்பு வேட்டி கட்டி, மேலுடம்பில் சட்டையில்லாமல், சந்தனமும் விபூதியும் பூசி நிற்கிற பத்துப் பதினைந்து பேர். படம் எடுப்பவனைச் சோதிப்பதற்கென்றே யாரோ ஏற்பாடு செய்த மாதிரி இருக்கும்.

முதல் வருடம் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். வேட்டி முழுக்க ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது, அப்போது வைத்திருந்த மென்பொருளில் நிழலைத் தூக்கும் ஸ்லைடரையும் கறுப்பைத் தூக்கும் ஸ்லைடரையும் நல்லாத் தள்ளிவிட்டேன். மடிப்பு தெரிந்தது, எனக்குச் சந்தோசம். ஆல்பத்தைப் பார்த்த மாமி ஒரே வசனத்தில் முடித்துவிட்டா: "ஏன் தம்பி, பிள்ளைக்கு முகம் முழுக்க விபூதியை அள்ளிப் பூசினமாதிரியெல்லோ கிடக்கு."

மாமி சொன்னது சரி. அதற்குக் காரணம் புரியவே எனக்கு ஒரு வருடம் போனது. நம் ஆட்களின் மாநிறத்தில், விளக்குக்கு மறுபக்கம் இருக்கிற கன்னம் எவ்வளவு இருட்டோ, விளக்குப் பட்ட வேட்டி மடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருட்டு. வெளிச்சத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கிற எந்தக் கருவிக்கும் இரண்டும் ஒன்றுதான். வெள்ளைக்காரரின் முகத்தை வைத்துச் செய்கிற பாடங்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கடுமையாக வருவதில்லை, அந்தத் தோல் கறுப்புத் துணியிலிருந்து வெகுதூரம் மேலே நிற்கும். அதனால் அந்தப் பாடங்களை அப்படியே பின்பற்றினால் நமக்கு வேலை கெடும்.

சாம்பல் ஏன் வருகிறது என்பது தனிக் கதை. நிழல் பக்கத்துத் தோலில் சிவப்பு 40, பச்சை 24, நீலம் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இரண்டால் பெருக்கினால் 80, 48, 32. விகிதம் மாறவில்லை, அதே நிறம்தான், வெளிச்சம் மட்டும் கூடியிருக்கிறது. பெருக்காமல் மூன்றிலும் 40 கூட்டினால் 80, 64, 56. மூன்றும் நெருங்கிவந்துவிட்டன, அதுதான் சாம்பல். கறுப்புப் புள்ளியை மேலே தூக்குவது பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான். எக்ஸ்போஷரை ஏற்றுவது பெருக்கல். கூட்டலை விட்டுவிட்டாலே பாதிச் சாம்பல் போய்விடும். மீதிப் பாதி, முகத்தின் நிழலும் வெளிச்சமும் ஒன்றையொன்று நெருங்கி முகம் தட்டையாவதால் வருவது. அதற்கு முகத்தைத் தொடாமல் விடுவதுதான் ஒரே வழி.

அப்புறம்தான் darktable என்கிற படம் திருத்தும் மென்பொருளுக்கு மாறினேன். இலவசம் என்பது முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. அதில் 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து tone equalizer என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. வெளிச்சத்தை -8 EV முதல் 0 EV வரை ஒன்பது படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் தனியாக ஏற்றவோ இறக்கவோ விடும். ஒரு EV என்பது ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். மாட்யூலைத் திறந்து படத்தின் மேல் கர்சரைக் கொண்டுபோனால் அந்த இடம் எத்தனை EV என்று காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே நான் அதைவிட்டு நகரவில்லை.

போன சீசனில் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். மச்சான் சப்பாணி கட்டி உட்கார்ந்து, மடியில் தேங்காயை வைத்து நெய் விடுகிறான். கைகள் இரண்டும் கறுப்பு வேட்டிக்கு முன்னால். 50 எம்எம் லென்ஸ், f/2, 1/125, ஐஎஸ்ஓ 3200, ரா ஃபைல். முகத்துக்கு எக்ஸ்போஷர் சரிசெய்தபின் கர்சரை ஓட்டினேன். வெளிச்சம் பட்ட கன்னம் -3, நிழல் கன்னம் -4.5, வேட்டியின் மடிப்பு முனைகள் -5, மடிப்பின் ஆழம் -7க்கும் கீழே. நிழல் கன்னத்துக்கும் மடிப்புக்கும் அரைப் படிதான் வித்தியாசம். tone equalizer-இன் ஒரு படியைத் தூக்கினால் அதற்கும் பக்கத்துப் படிக்கும் இடையில் இருப்பதும் கூடவே எழும்பும், கத்தி வைத்து வெட்டினமாதிரி வெட்டாது. ஆகவே வேட்டியை மட்டும் பிரித்துக் கொடுக்கும் மாஸ்க் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது.

மாஸ்க்கை இரண்டாகப் போடுகிறேன். முதலில் வேட்டியைச் சுற்றிப் பாதை வரைந்து ஒரு வளையம், கையை ஒதுக்க மெனக்கெடாமல் பரும்படியாக. அதோடு parametric மாஸ்க்கைச் சேர்த்து, Cz என்கிற நிறச்செறிவுத் தடத்தில் செறிவு குறைந்த இடங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கறுப்புத் துணியில் நிறம் இல்லை, தோலில் நிழலில்கூட நிறம் இருக்கிறது. வெளிச்சம் பிரிக்காததை நிறம் பிரித்துவிடும். மாஸ்க்கைக் காட்டச் சொன்னால் மஞ்சளாகத் தெரியும். வேட்டி மஞ்சளாகவும் விரல்கள் மஞ்சள் இல்லாமலும் இருந்தால் சரி.

முதல் தடவை அப்படித் தெரியவில்லை. வேட்டி முழுக்க அம்மை போட்டமாதிரிப் பொட்டுப் பொட்டாக மஞ்சள். இருட்டில் இருக்கிற நிற நாய்ஸை அது நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது, பாவம் அதற்கு எப்படித் தெரியும். நாய்ஸை முதலில் அடக்கிவிட்டுத்தான் மாஸ்க் போட வேண்டும். denoise என்று தேடினால் வருவதில் profiled என்று எழுதியிருக்கிற மாட்யூலை எடுத்து, wavelets முறையில் Y0U0V0-ஐத் தேர்ந்து, நிறத்துக்கான U0V0 வளைவை ஏற்றி வெளிச்சத்துக்கான Y0 வளைவை நன்றாக இறக்கிவைக்கிறேன். நிறப் பொட்டுகள் போகும், வெளிச்ச நாய்ஸ் மெல்லிய மணல் போல மிஞ்சும். அது மிஞ்சட்டும். அதையும் துடைத்தால் துணி பிளாஸ்டிக் ஆகும், மச்சானின் தாடி மெழுகாகும். பிறகு மாஸ்க்குக்குக் கொஞ்சம் feathering radius கொடுத்தால் விரல் ஓரம் ஒட்டி உட்காரும். அதிகம் கொடுத்தால் விரலைச் சுற்றி வெளிர் கோடு ஓடும், மாட்யூலை அணைத்து ஏற்றிப் பார்த்தால் உடனே கண்ணில் படும்.

இனித் தூக்குவது. நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த பிரயோசனமான விசயம் இதுதான்: கறுப்பைத் தூக்க வேண்டாம், மடிப்பின் முனையைத் தூக்கினால் போதும். துணி என்று கண்ணுக்குத் தெரிவது முனைக்கும் ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆழத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, நாய்ஸ் மட்டும்தான் குடியிருக்கிறது. ஐஎஸ்ஓ 3200இல் எடுத்ததை இரண்டு ஸ்டாப் தூக்கினால் ஏறத்தாழ 12800இல் எடுத்தமாதிரிதான் நாய்ஸ் வரும், அதை ஏன் கீழிருந்து கிளப்புவான்? ஆகவே -8, -7 இரண்டையும் பூச்சியத்தில் விட்டேன். -6ஐ 0.4, -5ஐ 1.2, -4ஐயும் 1.2. அதற்கு மேலே படிப்படியாக இறக்கம். வேட்டி கறுப்பாகவே இருந்தது, மடிப்பு மட்டும் விளக்கு வெளிச்சத்தில் எழும்பி வந்தது.

-4ஐயும் சேர்த்து ஏற்றியது ஏன் என்று கேட்பீர்கள். ஒரு தடவை -5ஐ மட்டும் 1.2 தூக்கி -4ஐச் சும்மா விட்டேன். -5இல் இருந்தது -3.8க்குப் போய்விட்டது, -4 அங்கேயே நின்றது. அதாவது மங்கலாக இருந்தது பளிச்சென்று இருந்ததைத் தாண்டிவிட்டது. வேட்டியின் பளபளப்பு இருந்த இடமெல்லாம் சேறு பூசினமாதிரி. என்ன பிழை என்று தெரியாமல் ஒரு இரவு முழுக்க denoise-ஐத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு இடமும் கவனிக்கவேண்டியது. மாட்யூலின் masking பக்கத்தில் smoothing diameter என்று ஒன்று இருக்கிறது. இயல்பாக வரும் அளவு முகம், வானம் போன்ற பெரிய பரப்புக்குப் பொருந்தும், வேட்டி மடிப்புக்குப் பெரிது. முனையையும் ஆழத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே படியாகக் கணக்குப் போடும், இரண்டும் சேர்ந்து எழும்பும், வேட்டி கரும்பலகை நிறத்துக்கு வரும். நான் 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். முற்றாக அணைத்தால் ஒவ்வொரு பிக்சலும் தன்பாட்டில் எழும்பி நாய்ஸும் கூடவே எழும்பும்.

கடைசியாக வேட்டியின் நிறம். தூக்கினபின் சில வேட்டிகள் செம்பழுப்பாகத் தெரியும், பக்கத்துச் சாமியின் வேட்டி சுத்தக் கறுப்பாக இருக்கும். கமரா பழுதில்லை. செயற்கை நூலில் போடுகிற சில கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், எண்ணெய் விளக்கில் அகச்சிவப்பு தாராளம், சென்சாருக்கு முன்னால் இருக்கிற வடிகட்டி முழுவதையும் மறிக்காது. அதே மாஸ்க்கை raster மாஸ்க்காக color balance rgb-க்குக் கொண்டுபோய் நிறச்செறிவைக் குறைத்தால் முடிந்தது. விளக்கொளியில் பொன்னாக இருக்கிற தோலுக்கு ஒன்றும் ஆகாது.

குறை என்றால், எனது பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு மூச்சு விடவேண்டியிருக்கிறது. இருநூறு படத்துக்கு இப்படிச் செய்ய முடியாது, வரைந்த வளையத்தை அடுத்த படத்துக்கு ஒட்டினால் ஆள் அசைந்திருப்பான். ஆல்பத்தில் முழுப் பக்கம் போகிற பத்துப் பன்னிரண்டுக்குத்தான் இந்தப் பாடு. மற்றவற்றுக்கு எடுக்கும்போதே மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விட்டு எடுத்துவிடுகிறேன், விளக்குச் சுடர் வெளுத்தால் வெளுக்கட்டும், நெற்றி விபூதியின் கோடு மட்டும் வெளுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை "இதையும் ஒருக்காச் செய்து தாங்கோ சாமி" என்று கேட்கிறவர்களுக்கு இல்லை என்றே சொல்லிவிடுகிறேன். 8 பிட் ஜேபெக்கில், அதுவும் சுருக்கிய பிறகு, வேட்டிக்குள் இருப்பது சதுரக் கட்டங்கள்தான்.

பிரிண்டுக்குப் போகுமுன் அந்த நெய்த்தேங்காய்ப் படத்தை ஒரு சிறிய அளவில் அடித்துப் பார்த்தேன். திரையில் தெரிந்த மடிப்பில் கால்வாசி தாளில் காணாமல் போயிருந்தது. -6ஐ மட்டும் 0.4இலிருந்து 0.7க்கு ஏற்றி மறுபடி அடித்தேன், வந்தது. மாமி இந்தமுறை படத்தைக் கையில் எடுத்து, முகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "வேட்டியை ஒழுங்காக் கட்டக்கூடத் தெரியேல்ல இவனுக்கு" என்றா.