‘அனுப்பப்பட்டது’ என்றால் எதுவரை சென்றது? டெலிவரி ரிப்போர்ட், பல்க் எஸ்எம்எஸ் அறிக்கை, வாட்ஸ்அப் டிக்: ஓர் ஒப்பீடு

வடகிழக்குப் பருவமழையின்போது தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்று காலை 6:02 மணிக்குப் பெற்றோர் அனைவருக்கும் விடுமுறைச் செய்தி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிச்சூரில் இருக்கும் ஒரு தாய்க்கு அது 10:47 மணிக்குத்தான் கிடைக்கிறது. அதற்குள் பிள்ளை மழையில் நனைந்து பள்ளிக்குச் சென்று, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டது. அவர் முறையிடும்போது அலுவலகத்தில் இருப்பவர் கணினித் திரையைக் காட்டி, “எங்கள் பக்கம் சேர்ந்ததாகத்தான் இருக்கிறதம்மா” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. செய்தி எந்த இடத்தில் காத்திருந்தது, திரையில் உள்ள அறிக்கை எதற்குச் சாட்சி சொல்கிறது என்பவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

எஸ்எம்எஸ் ஒரு கைபேசியிலிருந்து இன்னொரு கைபேசிக்கு நேரடியாகப் போவதில்லை. அது முதலில் அனுப்புபவருடைய தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்குச் சென்று, அங்கே சேமிக்கப்பட்டு, பிறகு பெறுபவரைத் தேடிப் புறப்படுகிறது. உங்கள் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று தெரிவது, அந்த மையம் செய்தியை ஏற்றுக்கொண்டது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. பெறுபவரின் கைபேசி அணைந்திருந்தாலும், அவர் வேறொரு நாட்டில் இருந்தாலும், ஒப்புகை அதே வேகத்தில் வந்துவிடும். ஏனெனில் அந்தக் கட்டத்தில் அவரை யாரும் இன்னும் தேடவே தொடங்கவில்லை.

தேடல் தொடங்கும்போது, பெறுபவர் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று அவருடைய நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவேட்டை மையம் கேட்கிறது. விடை கிடைத்ததும் அந்தப் பகுதியின் இணைப்பகத்துக்குச் செய்தியை அனுப்ப, அது டவர்கள் வழியாகக் கைபேசியை அழைத்துப் பார்க்கிறது. கைபேசி பதில் தராவிட்டால் அவர் எட்டவில்லை என்ற குறிப்பும், இந்த மையத்தில் அவருக்காக ஒரு செய்தி காத்திருக்கிறது என்ற குறிப்பும் பதிவேட்டில் ஏறுகின்றன. கைபேசி மீண்டும் வலையமைப்பில் பதிந்தவுடன் பதிவேடு மையத்துக்குத் தகவல் கொடுக்கும். செய்தி பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வந்து சேரும். முடிச்சூரில் மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்து, 10:46 மணிக்குச் சிக்னல் திரும்பியிருந்தால், 10:47 என்ற நேரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் தாமதம் எப்போதும் இவ்வளவு நேர்மையான காரணத்தால் வருவதில்லை. கைபேசியில் சிக்னல் முழுமையாக இருந்தும் இணைப்பகத்தில் நெரிசலோ, இரு நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்பில் கோளாறோ ஏற்பட்டிருந்தால், அது ‘ஆள் எட்டவில்லை’ என்ற வகையில் சேராது. ஆகவே பதிவேட்டில் குறிப்பு ஏறாது. கோளாறு தீர்ந்த பிறகும் மையத்தை யாரும் எழுப்பமாட்டார்கள். அது தன் மறுமுயற்சி அட்டவணைப்படி மட்டுமே மீண்டும் முயலும். அந்த அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்கிறது. வழக்கமாக முதல் சில முயற்சிகள் நெருக்கமாகவும், பிந்தியவை மேலும் மேலும் இடைவெளி விட்டும் இருக்கும். ஐந்து நிமிட நெரிசல் இரண்டு மணி நேரத் தாமதமாக மாறுவது இப்படித்தான். நாள் முழுவதும் சிக்னல் இருந்த கைபேசிக்குச் செய்தி தாமதமாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

இப்போது மூன்று வகை உறுதிமொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, நம் கைபேசியிலிருந்து அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கான டெலிவரி ரிப்போர்ட். கூகுள் மெசேஜஸ் செயலியின் அமைப்புகளில் ‘Get SMS delivery reports’ என்ற தெரிவை இயக்கினால் இது கிடைக்கும். பெறுபவரின் கைபேசி செய்தியை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒப்புகை தந்தது என்பதை மையம் நமக்குத் திருப்பிச் சொல்வதே அந்த ரிப்போர்ட். கைபேசி என்ற கருவி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். திரை ஒளிர்ந்ததா, ஒலி கேட்டதா, யாராவது படித்தார்களா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த ரிப்போர்ட்டும் ஒரு குறுஞ்செய்தியைப் போலவே நம்மை வந்தடைய வேண்டியது. நம் கைபேசி அணைந்திருந்தால் அதுவும் காத்திருக்கும். எனவே ரிப்போர்ட் தாமதமாக வந்ததை வைத்துச் செய்தியே தாமதமாகச் சேர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. கைபேசி தந்த ஒப்புகை வழியில் தொலைந்துபோவதும் உண்டு. அப்போது மையம் செய்தி சேரவில்லை என்று கருதி மறுபடியும் அனுப்பும். ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை வருவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, பள்ளியின் திரையில் தெரிந்த பல்க் எஸ்எம்எஸ் அறிக்கை. சேவை தரும் நிறுவனத்திடம் மூலப் பதிவைக் கேட்டால், முடிச்சூர்த் தாய்க்கான வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
id:4471902 sub:001 dlvrd:001
submit date:2411120602 done date:2411121047
stat:DELIVRD err:000
```

அலுவலகத் திரைகள் பெரும்பாலும் கடைசி வரியில் உள்ள DELIVRD என்ற சொல்லை மட்டும் பச்சை நிறத்தில் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. உண்மை நடுவரியில் இருக்கிறது. முதல் நேரம் 24ஆம் ஆண்டு, 11ஆம் மாதம், 12ஆம் தேதி, 06:02. இரண்டாவது நேரம் அதே நாள் 10:47. நான்கே முக்கால் மணி நேர இடைவெளி அங்கேயே எழுதியிருக்கிறது. இடைவெளி கிட்டத்தட்ட சரியாக ஐந்தரை மணி நேரமாக இருந்தால் மட்டும் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். ஒரு நேரம் உலகப் பொது நேரத்திலும் மற்றது இந்திய நேரத்திலும் பதிவாகியிருக்கலாம்.

இந்த அறிக்கையில் இன்னொரு பலவீனம் உண்டு. பள்ளிக்கும் குறுஞ்செய்தி மையத்துக்கும் இடையே ஒன்றோ இரண்டோ இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கலாம். கைபேசியின் ஒப்புகைக்குக் காத்திராமல், அடுத்த நிறுவனத்திடம் ஒப்படைத்ததையே ‘சேர்ந்தது’ என்று எழுதிவிடும் வழித்தடங்களும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அலுவலகத்திலேயே ஒரு கைபேசியை அணைத்து வைத்துவிட்டு அதற்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்ப்பது. அணைந்திருக்கும்போதே DELIVRD என்று வந்தால், அந்த நிறுவனத்தின் அறிக்கையை எதற்கும் சான்றாகக் கொள்ளக் கூடாது. என் கணிப்பில், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

தமிழில் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் 160 குறிகள் கொள்ளும் எஸ்எம்எஸ், தமிழில் 70 குறிகளைத்தான் கொள்ளும். அந்தக் கணக்கில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே சேரும். ‘கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை’ என்பது கண்ணுக்கு 21 எழுத்தும் நான்கு இடைவெளியும். இயந்திரத்துக்கோ 38 குறிகள். பள்ளியின் பெயர், தேதி, முதல்வரின் வேண்டுகோள் எல்லாம் சேர்ந்தால் 70ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் செய்தி 67 குறிகள் கொண்ட பகுதிகளாக உடைந்து, ஒவ்வொன்றும் தனிச் செய்தியாகப் பயணம் செய்கிறது. மூன்று பகுதிகளில் இரண்டு வந்து ஒன்று மறுமுயற்சி அட்டவணையில் மாட்டிக்கொண்டால், பல கைபேசிகள் மூன்றாவதும் வரும்வரை எதையும் காட்டுவதில்லை. ஆனால் அறிக்கையில் இரண்டு பகுதிகள் சேர்ந்ததாகவே பதிவாகியிருக்கும். அவசரச் செய்தியை ஒரே பகுதிக்குள் அடக்குவது இந்த வகைத் தாமதத்தை அடியோடு நீக்கிவிடும்.

மூன்றாவது, வாட்ஸ்அப். ஒரு டிக் என்பது செய்தி வாட்ஸ்அப் சர்வரை அடைந்தது என்பதற்கு அடையாளம். இது எஸ்எம்எஸ்ஸின் ‘அனுப்பப்பட்டது’ என்பதற்கு நிகரானது. இரண்டு சாம்பல் டிக்குகள், பெறுபவரின் கைபேசியையோ, அதனுடன் இணைத்த வேறொரு கருவியையோ செய்தி அடைந்தது என்று சொல்கின்றன. அந்த ‘வேறொரு கருவி’ என்பதுதான் கவனத்துக்குரியது: தந்தையின் வாட்ஸ்அப் கிண்டியில் உள்ள அலுவலகக் கணினியில் திறந்திருந்தால், கைபேசி சிக்னல் இல்லாமல் கிடந்தாலும் இரண்டு டிக்குகள் விழும். நீல டிக் இங்கே பார்த்த வேறெதுவும் தராத ஒன்றைத் தருகிறது, அதாவது உரையாடல் திறக்கப்பட்டது என்ற தகவலை. ஆனால் அதைப் பெறுபவர் நிறுத்திவைக்க முடியும் என்பதால், நீலம் இல்லாததைப் படிக்காததற்குச் சான்றாகக் கொள்ள இயலாது. குழுவில் அனுப்பினால் எல்லோரும் பெற்ற பிறகே இரண்டாவது டிக் விழும். செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று பெயர் பெயராகத் தெரியும்.

அப்படியானால் பள்ளி எதைத் தேர்ந்தெடுப்பது? உறுதிப்படுத்தும் தரத்தில் வாட்ஸ்அப் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்றடையும் திறனில், அதிலும் மழைநாளில், எஸ்எம்எஸ்ஸே மேல். டேட்டா நின்றுவிட்ட பலவீனமான சிக்னலிலும் அது நுழைந்துவிடும், பெறுபவரிடம் டேட்டா பேக் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. விடுமுறை அறிவிப்புக்கு நான் எஸ்எம்எஸ்ஸை முதலில் வைப்பேன், ஒரு நிபந்தனையுடன்: அதற்குக் காலக்கெடு குறித்து அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும், மையம் அதை எவ்வளவு நேரம் வைத்திருந்து முயலலாம் என்ற கெடு உண்டு. யாரும் குறிப்பிடாதபோது நிறுவனத்தின் வழக்கமான கெடு பொருந்தும். அது ஒரு நாளாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். முடிச்சூர்ச் செய்தி 10:47 வரை காத்திருந்தது அதனால்தான். பள்ளி வேன் 7:15க்குப் புறப்படும் என்றால், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் செய்தியால் பயனில்லை. பல்க் சேவையின் `validity_period` என்ற புலத்தில் `000000010000000R` என்று தந்தால் ஒரு மணி நேரம் என்று பொருள். அந்தக் கெடு 7:02க்கு முடியும்போது, சேராத எண்களுக்கு எதிரே EXPIRED என்று பதிவாகும். தாமதமாக வரும் DELIVRD பள்ளிக்கு எதையும் சொல்வதில்லை. நேரத்துக்கு வரும் EXPIRED யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. முந்நூறு பெற்றோரில் பத்துப் பேர் அப்படி மிஞ்சினால், வேன் கிளம்புவதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்து அவர்களை அழைத்துவிடலாம்; அழைப்பும் போகாத வீடு எது என்பதை வேன் ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம்.

இந்தப் புலம் சில சேவை நிறுவனங்களின் இணையத் திரையில் தென்படாது. அவர்களிடம் கேட்டால், தங்கள் பக்கத்திலேயே அந்தக் கணக்குக்குக் கெடுவை அமைத்துத் தர முடியும்.

பெறுபவர் பக்கத்தில் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் பயன் உண்டு. சிக்னல் திரும்பியும் செய்திகள் வரவில்லை என்று தோன்றினால், விமானப் பயன்முறையை இயக்கி அணைத்தால் கைபேசி வலையமைப்பில் புதிதாகப் பதியும். ‘எட்டவில்லை’ என்ற குறிப்புடன் காத்திருப்பவை உடனே இறங்கிவிடும். தாமதமாக வந்த எஸ்எம்எஸ்ஸை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ‘Sent’, ‘Received’ என்று இரண்டு நேரங்கள் தெரியும். முதலாவது குறுஞ்செய்தி மையம் இட்ட முத்திரை. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் தாமதம் மையத்துக்கும் உங்கள் கைபேசிக்கும் நடுவில் நேர்ந்தது. இரண்டும் ஒன்றாக இருந்து, இரண்டுமே 10:47 என்று காட்டினால், செய்தி அதுவரை மையத்துக்கே வந்து சேரவில்லை. அப்போது பள்ளி விளக்கம் கேட்க வேண்டியது தன் பல்க் எஸ்எம்எஸ் நிறுவனத்திடம்.