மோஷன் டெஸ்டா, கொலோனோஸ்கோபியா? 38 வயதில் நான் எடுத்த முடிவு

போன குறுவை அறுப்பு சமயத்தில் எனக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. கும்பகோணம் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான்: "சூடுப்பா, மூலம்." துத்திக்கீரையும் மோருமாக ஐந்து மாதம் போனது. ஆனால் மூலத்தில் பெரும்பாலும் பளிச்சென்ற ரத்தம் தனியாகச் சொட்டும். எனக்கோ கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து, சில நாள் சளியோடும் வந்தது. அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 9.4, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. மாதவிடாய் இல்லாத ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு இறங்கினால், ரத்தம் குடலில் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் டெஸ்ட் எளிது. டப்பாவில் கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். அறிகுறி எதுவும் இல்லாத 45 வயதுக்காரருக்கு நல்ல தொடக்கம். (அமெரிக்காவில் குடல் புற்றுநோய்ச் சோதனையைத் தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45 ஆக்கினார்கள்.) நானும் அதைத்தான் கேட்டேன். டாக்டர் திருப்பிக் கேட்டார்: "ரத்தம் கண்ணுக்கே தெரியுது. அது இருக்கான்னு எதுக்குத் தேடணும்?"

எனக்கு முடிவைச் சொன்னது அந்தக் கேள்விதான். பாலிப் என்கிற சதை வளர்ச்சி தினமும் கசியாது. கசியாத நாளில் கொடுத்த மலத்தில் 'இல்லை' என்று வந்தால், நான் நிம்மதியாக இன்னும் ஒரு வருடம் துத்திக்கீரை சாப்பிட்டிருப்பேன். 'இருக்கிறது' என்று வந்தாலும் அடுத்தது, ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான். அதில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

சிக்மாய்டோஸ்கோபி என்று ஒன்றும் உண்டு. எனிமா போதும், ஆனால் இடப்பக்கக் குடல் மட்டும்தான் தெரியும். ரத்தசோகையும் இருந்ததால் முழுக்குடலையும் பார்க்கச் சொன்னார்கள். சி.டி.யில் குடலைப் பார்க்கும் முறையை நான் செய்துகொண்டதில்லை, அதனால் ஒப்பிடவில்லை.

கொலோனோஸ்கோபியில் சிரமம் குடலைச் சுத்தம் செய்வதுதான். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தினேன். அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். இரண்டு நாள் கீரை, விதையுள்ள காய் கிடையாது. முந்தின இரவு ஒரு லிட்டர் மருந்து நீர், விடியற்காலை நான்கு மணிக்கு இன்னொரு லிட்டர். உப்புக்கரித்துக் குமட்டும். கடைசியில் வெளிர்மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். கலங்கலாகப் போனால் பாலிப் மறைந்துவிடும், மறுபடி செய்யச் சொல்வார்கள். சோதனை அரை மணி நேரம், மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் 18 மில்லிமீட்டர் பாலிப் இருந்தது. புற்றுநோய்க்கு முந்தைய கட்டம் என்று பயாப்ஸி சொன்னது. மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள் 40 வயதிலோ, எனக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டுமாம். அந்தக் கணக்குப்படி 28. தம்பிக்கு இப்போதே 34. அடுத்த மாதம் அவனை அழைத்துப் போகிறேன்.