தரம்சாலா பகலிரவு மேட்ச்: ஒரே தடி ஜாக்கெட்டா, மூன்று மெல்லிய அடுக்கா?

தரம்சாலா மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2023 அக்டோபர் 22 அன்று அங்கே இந்தியா–நியூசிலாந்து உலகக் கோப்பை ஆட்டம் மதியம் 2 மணிக்குத் தொடங்கியது. இரவில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தபோது மூடுபனி இறங்கி ஆட்டமே கொஞ்ச நேரம் நின்றுபோனது. வெயில், குளிர், ஈரக்காற்று மூன்றும் ஒரே டிக்கெட்டில்! அப்படி ஒரு நாளுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது?

பருத்தி பனியன், அதன்மேல் ஒரு தடி ஜாக்கெட். சென்னையிலிருந்து போகிற பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் மேட்டில் நடந்து, கேட்டில் வரிசையில் நின்று இருக்கைக்கு வருவதற்குள் பனியன் நனைந்துவிடும். அப்போது தெரியாது. பொழுது சாய்ந்ததும் அந்த ஈரம் முதுகில் ஜில்லென்று ஒட்டும், பருத்தி லேசில் காயாது. ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கலாம் என்றால், பல மைதானங்களில் பையை உள்ளே விடுவதில்லை. மடியில் மூட்டையாகக் கிடக்கும். உள்ளே இறகு அடைத்த ஜாக்கெட் என்றால் மூடுபனியில் நமுத்துத் தட்டையாகும், கதகதப்பும் போய்விடும்.

மூன்று அடுக்கு என்பது உடம்போடு ஒட்டிய பாலியஸ்டர் அல்லது கம்பளி தெர்மல், அதன்மேல் பஞ்சுபோல மெத்தென்ற ஃப்ளீஸ் மேல்சட்டை, வெளியே காற்றுப் புகாத விண்ட்சீட்டர். மதியம் தெர்மல் மட்டும் போதும். மற்ற இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். விண்ட்சீட்டரை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுக்கினால் ஃப்ளீஸ் நசுங்கும். சூட்டைப் பிடித்து வைப்பதே அதற்குள் இருக்கும் காற்றுதான்.

மலையேறுபவர்கள் 'லேசாகக் குளிர்கிற மாதிரியே உடுத்து' என்பார்கள். கேலரியில் அது எடுபடாது. ஏறும்போது உடம்பு நிறையச் சூடு உண்டாக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அதில் கால்வாசிகூட வராது. அதனால் நடுங்கும்வரை காத்திருக்காமல், வெயில் இறங்கும்போதே ஃப்ளீஸைப் போட்டுவிட வேண்டும். போடுமுன் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் வியர்வை ஆறட்டும்.

அக்டோபருக்கு என் ஓட்டு அடுக்குகளுக்குத்தான். டிசம்பர் இரவு என்றால் விண்ட்சீட்டருக்குப் பதில் அதே தடி ஜாக்கெட்டை, செயற்கைப் பஞ்சு அடைத்ததாகப் பார்த்து, மேலே போட்டுக்கொள்ளலாம். பனியனை மட்டும் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு கட்சிக்காரர்களும் இடுப்புக்குக் கீழே மறந்துவிடுகிறார்கள். ஜீன்ஸுக்குள் ஒரு தெர்மல் பேன்ட் வேண்டும். கம்பளிச் சால்வை காற்றைத் தடுக்காது, ஆனால் நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால் இருக்கையின் குளிர் ஏறாது. சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டு ஷூவை இறுக்கினால் விரல்தான் முதலில் மரத்துப்போகும்.