நீச்சலுக்குப் பின் வரும் காது வலி: சொட்டு மருந்தா, மாத்திரையா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன என் 14 வயது மகன், கிணற்றை விட்டு ஏறியதே இல்லை. முதலில் வலது காதில் அரிப்பு. பட்ஸ் வைத்துக் குடைந்தான். அப்புறம் வலி, மெல்லும்போதுகூட வலிக்கிறது என்றான். வீட்டில் உடனே மூன்று யோசனைகள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கலாம் என்றார் அண்ணன். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊற்றச் சொன்னார் அத்தை. நாங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து வாங்கி வந்தோம். அடுத்த முறை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஏன் என்பதைச் சொல்ல, இந்த நோய் எங்கே உட்காருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் இருக்கிறது. அதன் உட்புறத் தோலில் வரும் தொற்றுதான் இது. காதுக் குறும்பி லேசான அமிலத் தன்மை கொண்டது; கிருமியை வளரவிடாது, நீரையும் ஒட்டவிடாது. மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் குறும்பி கரைந்துபோய், தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் பட்ஸோ ஊக்கோ உள்ளே போனால் ஒரு கீறல் போதும், சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறிவிடுகின்றன. கிணறு, குளம், நீச்சல் குளம் மட்டுமில்லை, தினமும் தலைக்குக் குளித்துவிட்டுக் காதைக் குடைபவர்களுக்கும் வரும்.

நோய் வெளிக் குழாயில்தானா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். காது மடலைப் பிடித்து இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை அழுத்தினாலோ வலி சுரீரென்று ஏறினால் பெரும்பாலும் இதுதான். சளி, காய்ச்சலோடு வந்து, மடலை இழுத்தால் வலி கூடாமல் இருந்தால் நடுக்காது நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மகனுக்குக் குருத்தில் விரல் பட்டதுமே கண்ணில் நீர் வந்தது. அடைப்பும், லேசான நீர்க் கசிவும் இருந்தன.

எண்ணெய் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கொதித்த எண்ணெயின் சூடு கைக்குத் தெரிவதுபோல் காதுக்குள் தெரியாது, உள்ளே சுட்டுவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்கே போய்விடும். மருத்துவர் உள்ளே பார்ப்பதற்கும் அது தடை. அத்தையின் அக்கறையில் குறை இல்லை. எண்ணெய் அந்தக் கிருமியைக் கொல்லாது, அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மாத்திரைக்கும் சொட்டுக்கும்தான். மாத்திரை வசதியானது, விழுங்கினால் முடிந்தது. ஆனால் மருந்து வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, அதன் பிறகுதான் அந்தக் குழாய்த் தோலுக்கு வந்து சேர வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின் 500 மில்லிகிராம் மாத்திரை போட்டால் ரத்தத்தில் உச்சமாக ஒரு மில்லிக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான் கிடைக்கும். அதே மருந்தின் 0.3 சதவீதச் சொட்டில் ஒரு மில்லிக்கு 3,000 மைக்ரோகிராம் இருக்கிறது, அதுவும் நோய் இருக்கும் இடத்திலேயே. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! அந்தச் செறிவுக்குமுன் வழக்கமான பாக்டீரியா தாக்குப்பிடிப்பது கடினம். கடைகளில் வழக்கமாக எடுத்துத் தரும் அமாக்சிசிலினுக்கோ சூடோமோனாஸ் அடங்கவே அடங்காது. வயிற்றுப்போக்குதான் மிச்சம். அதனால்தான் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும், சிக்கலில்லாத வெளிக்காதுத் தொற்றுக்கு முதலில் மாத்திரை வேண்டாம், சொட்டு போதும் என்கிறது.

ஆனால் சொட்டு மருந்தின் வெற்றி முழுக்க ஒரே விஷயத்தில் இருக்கிறது. அது தோலைத் தொட வேண்டும். "சொட்டு போட்டேன், கேட்கவில்லை" என்பவர்களில் பலருக்கு மருந்து உள்ளே போகவே இல்லை. மகனுக்கும் அப்படி ஆகியிருக்கும். குழாய் வீங்கி ஊசித் துளையளவு ஆகியிருந்தது. மருத்துவர் முதலில் உள்ளே இருந்த கசிவையும் தவிடு போன்ற கழிவையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மெல்லிய பஞ்சுத் திரி ஒன்றைச் செருகினார். அதன்மேல் சொட்டு விட்டதும் திரி உப்பி, மருந்தைக் குழாய் முழுக்கக் கொண்டு போனது. ஓரிரு நாளில் வீக்கம் வடிந்ததும் திரியை எடுத்துவிட்டு, நேரடியாகச் சொட்டு.

எங்களுக்கு எழுதித் தந்தது சிப்ரோஃப்ளாக்ஸசினோடு, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் சேர்ந்த மருந்து: வேளைக்கு நான்கு சொட்டு, தினம் இரண்டு வேளை, ஏழு நாள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்ற வேண்டும். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். நோயுள்ள காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும். சொட்டை விட்டபின் அந்தச் சின்னக் குருத்தை நாலைந்து முறை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் காற்று வெளியேறி மருந்து இறங்கும். அப்படியே ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும், எழுந்து ஓடக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் தனியாக. முதல் இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்காவிட்டால் திரும்ப வரச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளியில் அடைத்தோம். கிணற்றுப் பக்கம் விடவில்லை, அதுதான் பெரிய சண்டை.

சொட்டுகளுக்குள்ளும் எல்லாம் ஒன்றில்லை. நியோமைசின், ஜென்டாமைசின் உள்ள சொட்டுகளைச் செவிப்பறை ஓட்டையாக இருந்தால் போடக் கூடாது, உட்காதைக் கெடுத்துக் கேட்கும் திறனையே பறிக்கலாம். நியோமைசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். ஆகவே பழைய பாட்டிலைத் தேடி எடுத்துப் போடுவது சரியில்லை. நம் ஊர் ஈரக் காலநிலையில் பூஞ்சைத் தொற்றும் அடிக்கடி வருகிறது: வலியைவிட அரிப்பு அதிகம், உள்ளே நனைந்த காகிதம் போன்ற கழிவு, சில நேரம் கறுப்புப் புள்ளிகள். அதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு உதவாது, நிலைமையை மோசமாக்கவும் கூடும். சுத்தம் செய்துவிட்டு குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு தருவார்கள். எங்கள் வீட்டில் இந்த வகை வந்ததில்லை, அதனால் அது எப்படித் தேறும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

மாத்திரை, ஊசி ஜெயிக்கும் இடமும் உண்டு. சிவப்பும் வீக்கமும் காதுக்கு வெளியே முகத்துக்கோ கழுத்துக்கோ பரவினால், காய்ச்சல் ஏறினால் சொட்டு மட்டும் போதாது. முக்கியமாக, சர்க்கரை நோயுள்ள வயதானவருக்குத் தூங்கவிடாத காது வலி வந்து வாரக் கணக்கில் நீடித்தால், தொற்று எலும்புக்குள் போயிருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினால் அது அவசரம். அங்கே வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும், மருத்துவமனையில் சேர்ப்பார்கள். அவர்களுக்குக் குறும்பி எடுக்கிறேன் என்று காதில் தண்ணீர் பீய்ச்சுவதே ஆபத்து.