தொடைக்கறிக்கு முதலில் கனலா, ஓரமா?

எலும்போடு இருக்கும் கோழித்தொடையைக் கரி அடுப்பில் சுட இரண்டு வழி உண்டு. இரண்டிலும் கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விட வேண்டும்.

முதல் வழி, நேராகக் கனல் மேல் வைத்துச் சிவக்கவிட்டு, அப்புறம் ஓரத்துக்குத் தள்ளுவது. நிறம் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் தோலின் கொழுப்பு கரியில் சொட்டியதும் தீ குப்பென்று எழும்பும். மசாலாவில் சர்க்கரையோ தேனோ இருந்தால் ஐந்தே நிமிடத்தில் கரிந்துவிடும். கரிந்த தோலைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்தால், எலும்போரம் பச்சையாகவே இருக்கும். நான் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

இரண்டாவது, காலிப் பக்கத்தில் வைத்து மூடிபோட்டு அரைமணி நேரம் வேகவிடுவது. அதற்குள் தோலின் கொழுப்பு பாதி உருகி வடிந்திருக்கும். கடைசி மூன்று நான்கு நிமிடம் மட்டும் கனல் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினால் தோல் மொறுமொறுவென வரும்.

என் ஓட்டு இதற்குத்தான். மூடி இல்லாத அடுப்பென்றால் சரி, ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொள்ளலாம்.

எலும்போரச் சிவப்பை நம்ப வேண்டாம். இளங்கோழியில் வெந்த பிறகும் அது இருக்கும். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் போதும், ஆனால் தொடை 80-ஐத் தாண்டினால்தான் மெத்தென்று பிரியும்.