மோட்டார் வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர்: செம்பனை ஆலையில் சில வருட அனுபவம்

எங்கள் டவுனுக்கு வெளியே இருக்கும் செம்பனை ஆலையில் மின்சாரப் பராமரிப்பு என் வேலை. பழ நார்களை இழுக்கும் ஃபேனின் 37 கிலோவாட் மோட்டாரில், வைண்டிங்கின் சூட்டை உணரும் சென்சார்களான தெர்மிஸ்டர்கள் உள்ளேயே வந்தன. அவற்றைத் தனி ரிலேயில் இணைத்து ஓட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. ஓவர்லோட் ரிலே இருக்கும்போது இது எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு சம்பவம்.

மதியம் ஃபேன் நின்றது. தெர்மிஸ்டர் ரிலேயில் சிவப்பு விளக்கு. கரண்ட் அதிகமில்லை: பெயர்த்தகட்டில் 68 ஆம்பியர், ஓடும்போது பேனலில் கண்டது 60. ஓவர்லோட் ரிலே அசையாதது சரிதான், அதற்குத் தெரிந்தது கரண்ட் மட்டும். "ரிலே கோளாறுண்ணே, ஜம்பர் போட்டு ஓட்டிடலாம்" என்றார் ஷிப்ட் பையன். நான் மெயினை அணைத்துப் பூட்டி, ரிலேயிலிருந்து இரண்டு சென்சார் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். சில கிலோ ஓம் காட்டியது. ஆறவிட்டு மறுபடி அளந்தபோது முந்நூற்றுச் சொச்சம் ஓம். வயர் அறுந்திருந்தால் ஆறிய பிறகும் மீட்டர் எல்லையில்லா எதிர்ப்பைத்தான் காட்டும். ஆக, சூடு நிஜம். பின்பக்க விசிறி மூடியைத் திறந்தால், எண்ணெயோடு கலந்த நார் துடுப்புகளுக்கு இடையே கம்பளி மாதிரி அடைத்திருந்தது. காற்று போக வழியே இல்லை.

இந்தச் சென்சார் வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு ஃபேஸ் வைண்டிங்கிலும் ஒன்று என மூன்று, வரிசையாக இணைத்து இரண்டே வயராக வெளியே வரும். ஆறியிருக்கும்போது ஒன்று 250 ஓமுக்கு மேல் போகாது. குறித்த வெப்பநிலையை (எங்களுடையது 150 டிகிரி) நெருங்கினால் எதிர்ப்பு திடீரென ஏறும்: அதை 5 டிகிரி தாண்டினால் குறைந்தது 1330 ஓம், 15 டிகிரி தாண்டினால் குறைந்தது 4000. எங்கள் ரிலே சுமார் 3.6 கிலோ ஓமில் வெட்டும், 1.6க்குக் கீழே இறங்கினால்தான் விடும். மூன்றில் ஒன்று மட்டும் சூடானாலும் வெட்டிவிடும். ஆனால் எத்தனை டிகிரி என்று கேட்டால் பதில் கிடையாது. அது வேண்டுமானால் பிடி100 சென்சார் வைத்த மோட்டார்தான், நம் அளவுக்கு அது அதிகம்.

வயரிங்கில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மோட்டார் பெட்டியிலிருந்து ரிலேயின் டி1, டி2க்கு இரண்டு வயர். ரிலேயின் 95-96 காண்டாக்ட், மோட்டாரை இயக்கும் காண்டாக்டரின் காயிலோடு வரிசையில். நான் ரீசெட்டை மேனுவலில்தான் வைப்பேன். ஆட்டோவில் விட்டால் கண்ட்ரோல் சர்க்யூட்டைப் பொறுத்து, ஆறியதும் ஃபேன் தானாகச் சுற்றும், அப்போது யாராவது மூடிக்குள் கை விட்டிருக்கலாம்.

பிறகு மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் வந்தது, தொல்லையும் வந்தது. மோட்டார் ஆறியிருக்கும்போதே ரிலே வெட்டும். சென்சார் வயரும் பவர் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டிப் போயின. முறுக்கிய ஷீல்டட் கேபிளை வேறு வழியில் இழுத்து, ஷீல்டைப் பேனல் பக்கத்தில் மட்டும் எர்த் செய்தேன். அதோடு நின்றது.

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது வேறு பேனல். அங்கே யாரோ சென்சார் டெர்மினலில் ஒரு ரெசிஸ்டர் போட்டு ரிலேயை ஏமாற்றியிருந்தார்கள். நேராக ஷார்ட் செய்தால் சில ரிலேக்கள் கண்டுபிடித்து வெட்டும் என்று தெரிந்தவர் செய்த வேலை! பச்சை விளக்கு எரியும், பாதுகாப்பு இருக்காது. அதனால் இப்போது ஷட்டவுனில் எல்லா மோட்டாரிலும் ஆறிய எதிர்ப்பை அளந்து எழுதி வைக்கிறோம். அளக்க மல்டிமீட்டர் மட்டும் போதும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரின் உயர் அழுத்தம் சென்சார் வழியாகப் போனால் சென்சார் செத்துவிடும். வைண்டிங்கை மெகர் பார்க்கும்போது சென்சாரின் இரண்டு வயரையும் ரிலேயிலிருந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்து எர்த் செய்துகொள்ளுங்கள்.

ஓவர்லோட் ரிலேயைக் கழற்றிவிடாதீர்கள். ரோட்டர் இறுகிப் பூட்டிக்கொண்டால் கம்பி மிக வேகமாகக் கொதிக்கும், சென்சார் அந்தச் சூட்டை உணரச் சற்று நேரமெடுக்கும். அந்த நேரத்தில் காப்பது கரண்டைப் பார்ப்பதுதான்.

மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது முன்கூட்டியே சொல்லுங்கள்: புதிய தெர்மிஸ்டர் மூன்று, வார்னிஷ் போடும் முன்பே காயில் தலைகளுக்குள் வைக்க வேண்டும், அதே டிகிரியில். எங்களிடம் திரும்பி வந்த ஒரு மோட்டாரில் டெர்மினல் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.